ஞாயிறு ராத்திரித் தூக்கம் காலையிலேயே கெட்டுவிடுகிறது

"வணக்கங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன். வாரம் பூரா பத்தே முக்காலுக்குப் படுத்தா உடனே தூங்கிருவேன், காலையில 5.45-க்கு எந்திரிப்பேன். ஞாயித்துக்கிழமை மட்டும் ஒன்பதரைக்கே போய்ப் படுத்தாலும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் பொட்டுத் தூக்கம் வர்றதில்லைங்க. திங்கக்கிழமை வேலைய நினைச்சுப் பயப்படுறதுதான் காரணமா? இதுக்கு என்ன பண்றதுங்க?"

பயமும் ஒரு காரணம்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் அது இரண்டாவதாக வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன். நீங்கள் ஞாயிறு ராத்திரியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஞாயிறு பகலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் குறிப்பிட்டுச் சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தப் பகலைத்தான்.

நீங்கள் எழுதாததை நானே ஊகித்துப் பார்க்கிறேன். சனிக்கிழமை உங்கள் ஊரில் சம்பள நாள். கம்பெனியிலிருந்து கிளம்பவே நேரமாகியிருக்கும். நாளைக்கு லீவுதானே என்று போன், டிவி, நண்பர்கள் என்று போய், படுக்கும்போது ராத்திரி 1 மணி. ஞாயிறு காலை 9 மணிக்கு எழுகிறீர்கள். கறிக்குழம்பு அடுப்பில் வெந்து இறங்கி, சாப்பிட்டு முடிக்க 2.30 ஆகிவிடுகிறது. 3 மணிக்குச் சாய்ந்தால் 5 மணி வரை நல்ல தூக்கம். எழுந்ததும் ஒரு காபி. ராத்திரி 9.30-க்கு, "நாளைக்கு நேரத்தில் எழுந்திரிக்கணும்" என்று படுக்கை. உங்கள் நேரங்கள் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். அப்படியானால் உங்கள் எண்களைப் போட்டுக் கீழே வரும் கணக்கைச் செய்து பாருங்கள்.

தூக்கம் வருவதற்கு உடம்பில் இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்க வேண்டும். முதலாவது, தூக்கத்தின் அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் கூடிக்கொண்டே போகும், தூங்கும்போது அது குறையும். வேலை நாளில் நீங்கள் 5.45-க்கு எழுந்து 10.45-க்குப் படுக்கிறீர்கள். அதாவது 17 மணி நேரம் விழிப்பு. அதனால்தான் தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிடுகிறீர்கள். ஞாயிறன்று 9 மணிக்கு எழுந்து, நடுவில் 2 மணி நேரம் தூங்கி, 9.30-க்குப் படுக்கும்போது அன்றைக்கு விழித்திருந்தது மொத்தமே பத்தரை மணி நேரம். கடைசியாகத் தூங்கி எழுந்து நாலரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். சாதாரண நாளில் காலை 10.15-க்கு உங்களைப் படுக்கச் சொன்னால் தூங்குவீர்களா? ஏறக்குறைய அந்த நிலையில்தான் ஞாயிறு ராத்திரி படுக்கிறீர்கள். போதாததற்கு 5 மணிக் காபி. காபியில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். அது அடினோசினின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, இருக்கிற கொஞ்ச அழுத்தமும் மூளைக்குத் தெரியாமல் மறைத்துவிடும்.

இரண்டாவது, உடம்பின் கடிகாரம். இது பலருக்கும் புதிதாக இருக்கும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மனிதரின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமாக ஓடுகிறது. தினமும் காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் அது திருத்தி வைக்கப்படுகிறது. ராத்திரி வெகு நேரம் வெளிச்சத்தில் இருந்துவிட்டுக் காலையில் ஜன்னல் சாத்திய அறையில் 9 மணி வரை படுத்திருந்தால், அந்தத் திருத்தம் நடக்காது, கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும். வார இறுதியில் இரண்டு நாள் தாமதமாகத் தூங்கி எழுந்தாலே அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை பின்தங்குவதை ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த டில் ரோனபர்க் குழுவினர் 2006-இல் இதற்கு 'சோஷியல் ஜெட்லேக்' என்று பெயர் வைத்தார்கள். உங்கள் தூக்கத்தின் நடுப்புள்ளி வேலை நாளில் அதிகாலை 2.15. சனி ராத்திரித் தூக்கத்துக்கு நடுப்புள்ளி 5 மணி. வித்தியாசம் இரண்டே முக்கால் மணி நேரம். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்கள் சவூதி நேரத்துக்குப் போய்விட்டு, ஞாயிறு ராத்திரியே திருப்பூர் நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று உடம்பிடம் கேட்கிறீர்கள்.

இதிலேயே இன்னொரு சங்கதி இருக்கிறது. வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில், உள்கடிகாரம் நம்மை நன்றாக விழிக்க வைக்கும். பகல் பூராவும் சேர்ந்த தூக்க அழுத்தத்தை எதிர்த்து நம்மை ராத்திரி வரை நிமிர்த்தி வைக்க உடம்பு செய்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. இஸ்ரேலைச் சேர்ந்த பெரெட்ஸ் லாவி 1986-இல் எழுதிய ஆய்வில், ஆட்களை 7 நிமிடம் தூங்க முயற்சி செய்யச் சொல்லி, அடுத்த 13 நிமிடம் விழித்திருக்கச் சொல்லி, இதையே நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிச் செய்ய வைத்துப் பார்த்தார். மாலை முடிந்து ராத்திரி தொடங்கும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் யாருக்கும் லேசில் தூக்கம் வரவில்லை. அது தாண்டியதும் கதவு திறந்த மாதிரி வந்துவிட்டது. உங்களுக்கு வேலை நாளில் அந்த விழிப்பு நேரம் சுமார் 8 மணியிலிருந்து 10 மணிவரை இருக்கும். ஞாயிறன்று கடிகாரம் பின்தங்கியிருப்பதால் அது பத்தரையையும் தாண்டி நீளும். நீங்கள் படுப்பது 9.30-க்கு. உடம்பு தூங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் நேரமாகப் பார்த்துப் படுக்கிறீர்கள். சீக்கிரம் படுப்பதுதான் பொறுப்பான காரியம் என்று தோன்றும். ஞாயிறு ராத்திரியை அதிகமாகக் கெடுப்பதே அதுதான்.

சரி, வேலை பயம் எங்கே வருகிறது? தூக்கம் வராமல் இருட்டில் படுத்துக் கிடக்கும் அந்த மூன்றரை மணி நேரத்தில் வருகிறது. மூளை சும்மா இருக்காது. டையிங்குக்குப் போன துணி திரும்பியதா, பையர் அந்தக் கலரை ஏற்றுக்கொள்வாரா, ஷிப்மென்ட் தேதி தாண்டிவிடுமா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போடும். கூடவே "இன்னும் தூங்கவில்லையே, நாளைக்கு எப்படி நிற்பேன்" என்ற கவலையும் சேரும். இப்படிப் பல ஞாயிறு கழிந்தால், அந்தப் படுக்கையும் அந்த நேரமும் விழிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஹாலில் டிவி பார்க்கும்போது கண் சொக்கும், எழுந்து போய்க் கட்டிலில் படுத்த நிமிடமே பளிச்சென்று விழிப்பு வந்துவிடும். இப்படி நடக்கிறது என்றால் பழக்கம் வேர்விட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கடிகாரத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது, படுக்கையையும் பழக்க வேண்டும்.

உங்களுக்கு எது முதல் காரணம் என்று தெரிந்துகொள்ள நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்று காலை 4 மணிக்கு எழுந்து கல்யாணத்துக்குப் போன நாள் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். காங்கேயமோ கோபியோ போய், மண்டபத்தில் மத்தியானம் வரை இருந்து, பகலில் படுக்காமல் வீடு திரும்பியிருப்பீர்கள். அன்று ராத்திரி எப்படித் தூங்கினீர்கள்? அடுத்த நாளும் அதே திங்கட்கிழமைதான், அதே வேலைதான். படுத்ததும் தூங்கிவிட்டீர்கள் என்றால் ஞாயிறு காலையைத்தான் திருத்த வேண்டும். அன்றைக்கும் அசதியோடு படுத்து, நெஞ்சு படபடவென்று 1 மணிவரை விழித்திருந்தீர்கள் என்றால் கவலையின் பங்கு பெரியது. அதற்கான வழி கடைசியில் வருகிறது.

முதல் வகை என்றே வைத்துக்கொண்டு, வரும் ஞாயிறை மணிக்கணக்காகப் பிரித்துச் சொல்கிறேன்.

சனி ராத்திரி எப்போது படுத்தாலும் ஞாயிறு காலை 6.45-க்கு எழுந்துவிடுங்கள். வேலை நாளைவிட ஒரு மணி நேரம் அதிகம், அதற்கு மேல் வேண்டாம். 1 மணிக்குப் படுத்தாலும் இதுதான் நேரம். எழுந்தவுடன் வெளியே போய்விட வேண்டும். நம் பக்கம் எந்த மாதமானாலும் 7 மணிக்குள் சூரியன் வந்துவிடும், வெளிச்சத்துக்குக் குறைவில்லை. குறைந்தது அரை மணி நேரம் கூரைக்கு வெளியே இருங்கள். இதற்கென்று வாக்கிங் பழக வேண்டியதில்லை. கறிக்கடைக்கு நீங்களே போங்கள். அந்த வரிசையில் நிற்கும் நேரமே போதும். உழவர் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வந்தாலும் சரி. வீட்டுக்குள் டியூப் லைட் எத்தனை போட்டாலும், மேகம் மூடிய காலையின் வெளிச்சத்துக்குக்கூடப் பக்கத்தில் வராது.

மத்தியானச் சாப்பாட்டை 1 மணிக்குக் கொண்டுவாருங்கள். முதல் இரண்டு ஞாயிறும் கண் சொக்கும். சனிக்கிழமை குறைவாகத் தூங்கியிருப்பீர்கள், கறிச்சோறு வேறு. படுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். 2 மணிக்கு அலாரம் வைத்து 20 நிமிடம், மிஞ்சினால் 30 நிமிடம், நாற்காலியிலோ பாயிலோ சாயுங்கள். கட்டில் வேண்டாம். அரை மணி தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவீர்கள், எழுவதும் கஷ்டம், ராத்திரித் தூக்கமும் குறையும். கடைசிக் காபி, டீ 2 மணியோடு சரி. வெய்யில் தாழ சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் டம்ளரைக் கையில் கொடுத்துவிடுவார்கள்தான். மோரோ சுக்குத்தண்ணியோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ராத்திரி. 9.30-க்குப் படுக்கைக்குப் போகாதீர்கள். 10.45-க்கு முன்னால் கட்டில் பக்கமே வேண்டாம். முதல் ஞாயிறன்று 11 மணியே சரி. கண் எரிச்சல், கொட்டாவி, தலை சாய்வது என்று உடம்பு கேட்கும்போது படுங்கள். படுத்து ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, மனசுக்குப் பட்ட கணக்குப் போதும். வேறு இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். ஹாலில் பெரியவர்கள் படுத்திருந்தால் அடுக்களைப் பக்கம் ஒரு ஸ்டூலில், இல்லையென்றால் திண்ணையில். துணி மடிக்கலாம், பழைய வாரப் பத்திரிகை புரட்டலாம். மறுபடி கண் சொக்கும்போது படுக்கைக்குப் போங்கள், தேவைப்பட்டால் திரும்பவும் எழுங்கள். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் சொன்ன முறை இது. மருந்தில்லாத தூக்க சிகிச்சையில் இன்றும் முக்கியமான பகுதி. ராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வீட்டில் பயந்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இனிமேல்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். முதல் ஞாயிறு இதையெல்லாம் செய்தும் 12.30 வரை தூங்காமல் போகலாம். அப்படிப் போனாலும் திங்கள் காலை அதே 5.45-க்கு எழ வேண்டும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு 9 மணி வரை தூங்கினால் கடிகாரம் மறுபடி பின்னுக்குப் போகும், செவ்வாயும் கெடும். எழுந்துவிட்டால், அன்று சேரும் களைப்பே திங்கள் ராத்திரி உங்களைத் தூங்க வைத்துவிடும். ஒன்றே ஒன்று, நாலு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால் அன்றைக்கு பைக்கை எடுக்காதீர்கள். பஸ்ஸிலோ கம்பெனி வண்டியிலோ போங்கள். காலை நேர ஹைவேயில் கண் ஒரு நொடி சொக்கினாலும் ஆபத்து. இந்த முறைக்கு மூன்று நாலு ஞாயிறு கொடுக்க வேண்டும். ஒரே வாரத்தில் பலித்தால் நல்லது, பலிக்காவிட்டால் முறை தப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

ஞாயிறு காலை 9 மணி வரை தூங்கினால்தான் உடம்பு தேறும் என்று உங்களுக்கு நிஜமாகவே தோன்றினால், வார நாட்களில் தூக்கம் போதவில்லை என்று பொருள். அந்தக் கடனை ஞாயிறு காலையில் மொத்தமாக அடைக்கப் பார்ப்பதால்தான் வினை. செவ்வாய், புதன், வியாழன் ராத்திரிகளில் 20 நிமிடம், அரை மணி என்று முன்னதாகப் படுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தீர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் தூக்க அழுத்தம் நிறைய இருக்கும், அதனால் கொஞ்சம் முன்னதாகப் படுத்தாலும் தூக்கம் வந்துவிடும்.

இனி கவலைக்கான வழி. படுக்கையில் வரும் எண்ணங்களை விரட்ட முடியாது, விரட்ட விரட்டக் கூடும். அவற்றுக்கு வேறு நேரம் கொடுக்கலாம். சனிக்கிழமை கம்பெனியை விட்டுக் கிளம்பும் முன் 5 நிமிடம் எடுத்து, திங்கட்கிழமை முதல் இரண்டு மணி நேரத்தில் செய்ய வேண்டியதைப் பேப்பரில் எழுதுங்கள். "டையிங் வேலை இருக்கிறது" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை, அது ராத்திரி திரும்பி வரும். "9.15 - டையிங் யூனிட்டுக்குப் போன், நேவி கலர் துணி எத்தனை கிலோ ரெடி என்று கேட்க. 9.30 - இல்லையென்றால் கட்டிங்கில் சொல்லி மெரூன் கலரை முதலில் போடச் சொல்ல. 10.00 - லேப் டிப் அப்ரூவலுக்கு பையருக்கு மெயில்." இப்படி யார், எப்போது, இல்லாவிட்டால் என்ன என்பது வரை எழுத வேண்டும். ஞாயிறு மாலை 6 மணிக்கு அந்தப் பேப்பரை ஒரு தடவை எடுத்துப் பார்த்து, விட்டுப்போனதைச் சேர்த்து, மடித்து பைக்குள் வைத்துவிடுங்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். 57 பேரை வைத்துச் செய்த ஆய்வுதான், பெரிய மாயம் எதுவும் இல்லை, ஆனால் செலவில்லாத காரியம்.

ஞாயிறு ராத்திரி மெயில் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்த ஒரு நல்ல காரணம் இருக்கிறது. உங்கள் பையர் ஐரோப்பாவில் இருந்தால் அங்கேயும் ஞாயிறு விடுமுறை. நீங்கள் 10 மணிக்குத் திறந்து பார்ப்பது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வந்த பழைய மெயிலாகத்தான் இருக்கும். இப்போது பதில் எழுதினாலும் அங்கே அதைப் பார்க்கிறவர் திங்கட்கிழமைதான் ஆபீசுக்கு வருவார், அதுவும் நம் நேரத்துக்கு மத்தியானம் ஆகிவிடும்.

சனிக்கிழமை குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் ராத்திரியின் பின்பாதியை உடைத்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஞாயிறு காலையில் படுக்கையை விட்டு எழ மனசே வராது. ஞாயிறு ராத்திரி தூங்குவதற்காகக் குடிப்பதும், மெடிக்கல் ஷாப்பில் தானாக மாத்திரை வாங்கிப் போடுவதும் இந்தப் பழக்கத்தை மாற்றாது. வாரத்தில் ஒரு ராத்திரிக்கு மட்டும் வரும் பிரச்சினைக்கு மாத்திரை எழுத நான் அவசரப்பட மாட்டேன்.

மில்லில் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு நேரத்தை வேறு விதமாக அமைக்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னாலோ, படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போலிருந்து ஆட்டினால்தான் சரியாகிறது என்றாலோ, டாக்டரை நேரில் பாருங்கள். ஞாயிறோடு நிற்காமல் வாரத்தில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதமாகத் தொடர்ந்தால் அது முழுத் தூக்கமின்மை நோய், அதற்கு முறையான சிகிச்சை இருக்கிறது. திங்கட்கிழமையை நினைத்து வரும் கலக்கம் சனிக்கிழமையே ஆரம்பித்து, சாப்பாடு இறங்காமல், காரணமில்லாமல் அழுகை வருகிறது, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது என்றால் ஞாயிறு காலையைத் திருத்திக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மனஸ் எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.